எம்-சாண்டில் எவ்வளவு தூள் இருக்கலாம்? லோடை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் நல்லதா, ஆற்று மணல் நல்லதா என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் சொல்ல முடியாது. நல்ல எம்-சாண்டில் போட்ட கான்கிரீட் மோசமான ஆற்று மணலில் போட்டதைவிட உறுதியாக இருக்கும். அதே எம்-சாண்டைச் சுவர்ப் பூச்சுக்கு எடுத்தால் ஒரு மாதத்துக்குள் சுவர் முழுக்க விரிசல் ஓடலாம். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மணலில் கலந்திருக்கும் மிக நுண்ணிய தூளிலிருந்து வருகிறது. எவ்வளவு தூள், எந்த வகைத் தூள், எந்த வேலைக்கு வந்த மணல் என்ற மூன்றும் தெரிந்தால், வாசலில் நிற்கும் லாரியை இறக்கச் சொல்வதா திருப்பி அனுப்புவதா என்பதைப் பெரும்பாலும் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவதைத்தான் கட்டுமானத்தில் மணல் என்கிறோம். அதற்குக் கீழே 2.36, 1.18 மி.மீ., பிறகு 600, 300, 150 மைக்ரான் என்று சல்லடைகள் பாதி பாதியாகச் சிறுத்துக்கொண்டே போகும். கடைசியாக வருவது 75 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். இந்தக் கட்டுரையில் தூள் என்பது அந்தச் சல்லடையில் இறங்கிவிடும் பகுதியைக் குறிக்கும்.

கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் இரண்டுக்கும் பொதுவான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383. அதன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆற்று மணலில் இந்தத் தூளை எடையில் 3 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. பாறையை உடைத்துச் செய்த மணலுக்கோ 15 சதவீதம் வரை இடம் தருகிறது. ஐந்து மடங்கு சலுகை என்பதால், எம்-சாண்ட் விற்பவர்களுக்காக விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இரண்டு மணலிலும் உள்ள தூள் ஒன்றே அல்ல.

களிமண்ணும் கல்தூளும்

ஓடும் நீர் கல்தூளை நெடுந்தொலைவு அடித்துக்கொண்டு போய்விடும். ஆற்று மணலில் தங்கும் நுண்துகளில் பெரும்பகுதி களிமண்ணும் வண்டலும்தான். களிமண் துகள்கள் 2 மைக்ரானுக்கும் சிறியவை, தகடு தகடாக இருப்பவை, நீரை இழுத்து ஊதிக்கொள்பவை. அவை மணல் பருக்கையின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும்போது சிமெண்ட் பசை கல்லைப் பிடிப்பதற்குப் பதில் அந்தப் படலத்தைப் பிடிக்கிறது. காய்ந்ததும் களிமண் சுருங்கி, பிடிப்பு விட்டுப்போகிறது. 3 சதவீதக் கட்டுப்பாடு இதை மனத்தில் வைத்து வந்தது.

எம்-சாண்டில் வருவது பாறையின் பொடி. கிரானைட்டை உடைத்தால் தூளும் கிரானைட்தான். அது ஊதாது, சுருங்காது. ஓரளவு இருந்தால் நன்மையும் செய்யும். உடைத்த மணலின் பருக்கைகள் கோணலானவை என்பதால் அவற்றுக்கு இடையே இடைவெளி அதிகம். அந்த இடைவெளியைக் கல்தூள் அடைத்து, கலவை பிரிந்துபோகாமலும் மேலே தண்ணீர் கசியாமலும் பார்த்துக்கொள்கிறது. அளவுக்கு மீறிக் கழுவி, தூளை 1 அல்லது 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்த எம்-சாண்டில் போட்ட கான்கிரீட் சொரசொரப்பாக நிற்கும். பம்பில் தள்ளினால் குழாய் அடைக்கும், தளத்தின் மேல் தண்ணீர் தேங்கும். தூளே இல்லாத எம்-சாண்ட்தான் உயர்ந்தது என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் கல்தூளுக்கும் எல்லை உண்டு. துகளின் அளவு பாதியானால், அதே எடைக்கு அதன் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகிறது. அந்தப் பரப்பு முழுதும் நனைந்த பிறகுதான் கலவை நகரும். 15 சதவீதத்தைத் தாண்டிய மணலில் கொத்தனார் வழக்கமான தண்ணீரை ஊற்றினால் கலவை கெட்டியாக நிற்கும், உடனே இன்னொரு வாளி ஊற்றுவார். எம்.20 தரக் கான்கிரீட் கலவையை அளவுப்பெட்டியில் அளந்து போடும்போது 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர். அது 34 லிட்டர் ஆகிவிட்டால் நீர்–சிமெண்ட் விகிதம் 0.60-இலிருந்து 0.68-க்கு ஏறும், இறுகிய கான்கிரீட்டின் வலு 10 முதல் 15 சதவீதம் குறையும். தூள் நேரடியாகச் செய்த கேட்டைவிட, தூளைச் சமாளிக்க ஊற்றிய தண்ணீர் செய்த கேடு பெரிது.

எனவே தூளின் அளவைப் பார்ப்பதற்கு முன் அதன் வகையைப் பார்க்க வேண்டும். பாறையின் மேலிருந்த மண்ணை ஒழுங்காக அகற்றாமல் வெடி வைத்து எடுத்த கல்லோடு மண்ணும் கிரஷருக்குள் போகிறது. அழுகிய பாறையும் போகிறது. அந்த எம்-சாண்டில் களிமண் இருக்கும், 15 சதவீதச் சலுகை அதற்குப் பொருந்தாது.

கண்ணாடிக் குடுவையில் தெரியும் வித்தியாசம்

இரண்டையும் பிரித்தறிய ஒரு நேரான கண்ணாடிக் குடுவையும் கடிகாரமும் போதும். குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மணலைப் போட்டு, முக்கால் பங்கு வரை நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, சமதளத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு குடுவையைத் தொடக் கூடாது.

75 மைக்ரான் துகள் தண்ணீரில் நொடிக்கு ஏறக்குறைய 5 மி.மீ. வேகத்தில் இறங்கும். 10 சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு 20 நொடிதான். 10 மைக்ரான் துகளுக்கு அதே தொலைவுக்கு 20 நிமிடம் ஆகும். 2 மைக்ரானுக்கோ ஏழு எட்டு மணி நேரம். கல்தூளின் பெரும்பகுதி 10 மைக்ரானுக்கு மேல் இருப்பதால், சுத்தமான எம்-சாண்ட் போட்ட குடுவையில் அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் பெரிதும் தெளிந்துவிடும். லேசான வெண்சாம்பல் மங்கல் மட்டும் மிஞ்சும். அடியில் படிந்த தூளை விரலால் தடவினால் மாவுபோல் வழுக்காமல் மெல்ல நெருடும். மூன்று மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேநீர் நிறத்திலோ செம்மண் நிறத்திலோ கலங்கி நின்றால் அது களிமண். படிந்த அடுக்கும் வழவழவென்று விரலில் ஒட்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஆற்று மணலின் வண்டலை அளக்க, தண்ணீரில் 1 சதவீதம் உப்பைக் கலக்கும் வழக்கம் உண்டு. 250 மில்லி அளவுக் குழாயில் 50 மில்லி உப்புத் தண்ணீர் ஊற்றி, 100 மில்லி கோடு வரை மணலைப் போட்டு, மீண்டும் 150 மில்லி கோடு வரை உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் கழித்து மேலே படிந்த வண்டலின் உயரத்தை மணலின் உயரத்தோடு ஒப்பிடுவார்கள். 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது நடைமுறை. உப்பு போடுவது களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் படிவதற்காக. அதனால் களிமண்ணா கல்தூளா என்று தெளியும் நேரத்தை வைத்துப் பார்க்கும் சோதனையில் உப்பே போடக் கூடாது. போட்டால் களிமண்ணும் சீக்கிரம் தெளிந்து நல்ல பிள்ளையாகத் தெரியும்.

அந்த 8 சதவீதக் கணக்கை எம்-சாண்டுக்கு வைத்துப் பார்ப்பதும் தவறு. அது கன அளவில் எடுத்த அளவு, அதுவும் ஆற்று வண்டலுக்காக வந்தது. நல்ல எம்-சாண்ட் அதில் தோற்றுவிடலாம். களிமண் கலந்த ஒன்று தேறியும் விடலாம். பெரிய வேலைகளில் சந்தேகம் தீராவிட்டால் ஆய்வகத்தில் மெத்திலீன் நீலச் சோதனை செய்யச் சொல்லலாம். களிமண் அந்தச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், கல்தூள் அவ்வளவாக உறிஞ்சாது. தண்ணீரைக் குறைப்பதற்காகக் கான்கிரீட்டில் சேர்க்கும் ரசாயனத்தையும் களிமண் அதே போல் விழுங்கிவிடும். ஆகவே அந்த ரசாயனம் சேர்க்கும் கான்கிரீட்டுக்கு இந்தச் சோதனை கூடுதலாகவே தேவைப்படும்.

தூளை எடை போடும் எளிய வழி

வகை தெரிந்த பிறகு அளவு. ஒரு கிராம் வரை காட்டும் தராசும், 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள வாளியும் இருந்தால் வேலையிடத்திலேயே அளந்துவிடலாம்.

முதலில் மாதிரி. எம்-சாண்ட் குவியலில் பெரிய பருக்கைகள் சரிந்து ஓரத்துக்கு வந்துவிடும், தூள் நடுவில் தங்கிவிடும். லாரி குலுங்கி வரும்போது தூள் கீழே இறங்கும். மேலே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். லாரியின் மேல் ஐந்தாறு இடங்களில் ஓரடி ஆழம் தோண்டி, அங்கிருந்து ஒவ்வொரு சட்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். இப்படியே ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும்வரை குறைத்தால் கையில் இருப்பது லோடுக்கு நியாயமான மாதிரி.

அந்த மணலை இரும்புச் சட்டியில் போட்டு, ஈரம் முழுதும் போகும்வரை வறுத்து, ஆறவைத்து, சரியாக 1,000 கிராம் எடுத்து வாளியில் போட வேண்டும். மணலுக்கு மேல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, வேகமாகக் கலக்கிவிட்டு, 20 நொடி எண்ணி, மேலே உள்ள கலங்கல் நீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்ட வேண்டும். முன்பு சொன்ன வேகக் கணக்குப்படி 75 மைக்ரானுக்குப் பெரியவை அதற்குள் அடியில் தங்கிவிடும், சிறியவை தண்ணீரோடு வெளியேறும். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எட்டுப் பத்துத் தடவை கூட ஆகலாம். பிறகு மீதியை வறுத்து எடை போட்டால், குறைந்த எடைதான் தூள். 880 கிராம் மிஞ்சினால் தூள் 12 சதவீதம். 75 மைக்ரான் சல்லடை கையில் இருந்தால் கலங்கல் நீரை அதன் வழியாகவே ஊற்றலாம், கணக்கு இன்னும் துல்லியமாகும்.

கழுவாமல் உலர்ந்த மணலைச் சலித்துத் தூளை அளந்தால் குறைவாகவே காட்டும். நுண்ணிய தூள் பெரிய பருக்கைகளில் ஒட்டிக்கொண்டு மேல் சல்லடைகளிலேயே தங்கிவிடும். சோதனைச் சான்றிதழ் காட்டப்பட்டால் 75 மைக்ரான் அளவு கழுவி எடுத்ததா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரே லோடு, இரண்டு தீர்ப்பு

கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் சேர்த்து ஒரு லோடு எம்-சாண்ட் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 கிராம் மாதிரியைச் சலித்ததில் 4.75 மி.மீ. சல்லடையில் 20 கிராம் நிற்கிறது. 2.36-இல் 80, 1.18-இல் 115, 600 மைக்ரானில் 65, 300-இல் 80, 150-இல் 55 கிராம். அடித்தட்டில் 85 கிராம். தனியே கழுவிப் பார்த்ததில் 75 மைக்ரானுக்குக் கீழே 12 சதவீதம். குடுவைத் தண்ணீர் அரை மணியில் தெளிந்துவிட்டது.

முதலில் கான்கிரீட்டுக்குப் பார்ப்போம். 600 மைக்ரானில் இறங்குவது 80, 55, 85 சேர்ந்து 220 கிராம், அதாவது 44 சதவீதம். ஐ.எஸ். 383 மணலை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கும்போது இந்த 600 மைக்ரான் எண்ணைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. 35 முதல் 59 வரை என்றால் இரண்டாம் மண்டலம். வீட்டுக் கான்கிரீட்டுக்கு அது வசதியான இடம். மற்றச் சல்லடைகளிலும் இந்த மாதிரி அந்த மண்டலத்துக்குள்ளேயே வருகிறது. 150 மைக்ரானில் இறங்குவது 17 சதவீதம். ஆற்று மணலாக இருந்தால் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று தள்ளியிருப்போம், உடைத்த மணலுக்கு 20 வரை இடம் உண்டு. தூள் 12 சதவீதம், 15-க்குள் வருகிறது, களிமண்ணும் இல்லை. கான்கிரீட்டுக்கு இந்த லோடை ஏற்கலாம்.

அதே மணல் பூச்சுக்கு ஆகாது. பூச்சு மணலுக்கான தரநிலை ஐ.எஸ். 1542. அதில் 600 மைக்ரானில் குறைந்தது 80 சதவீதம் இறங்க வேண்டும், இங்கே இறங்குவது 44. 2.36 மி.மீ. சல்லடையில் 95 சதவீதம் இறங்க வேண்டும், இங்கே 80. களிமண், வண்டல், தூள் எல்லாம் சேர்ந்தே 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இங்கே 12. மூன்றிலும் தோற்கிறது.

கான்கிரீட்டில் 15 வரை பொறுத்துக்கொள்ளும் தூளைப் பூச்சில் 5-க்கு மேல் அனுமதிக்காததற்குக் காரணம் உண்டு. பூச்சு 12 மி.மீ. தடிமனுள்ள அகன்ற தோல். அதற்குள் சுருக்கத்தைத் தாங்க ஜல்லியும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு பக்கம் காய்ந்த செங்கல் தண்ணீரை உறிஞ்சுகிறது, மறுபக்கம் வெயிலும் காற்றும். தூள் கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் போகும்போது பூச்சு சுருங்கப் பார்க்கும், சுவரோ அதை இழுத்துப் பிடித்திருக்கும். வலையைப் போல மயிரிழை விரிசல்கள் விழும். மட்டப்பலகையால் தேய்க்கும்போது ஈரமும் தூளும் மேற்பரப்புக்கு ஏறி, அங்கே வலுவில்லாத ஒரு பாலாடை படியும். பெயிண்ட் அடித்த சில மாதங்களில் அது தோலாக உரிவது இதனால்தான். கொத்தனாரின் கைக்கும் சிரமம் உண்டு. ஆற்று மணலின் உருண்ட பருக்கைகள் கரணைக்கு அடியில் உருளும், உடைத்த மணலின் கோணல் பருக்கைகள் இழுக்கும். இழுக்கிறது என்பதற்காகவும் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சலித்துவிட்டால் பூச்சு மணல் ஆகாது

பலரும் செய்யும் வேலை இது: கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டைக் கம்பி வலையில் சலித்துப் பூச்சுக்கு எடுப்பது. பெரிய பருக்கைகள் போய்விடுவதால் மணல் கண்ணுக்கு நன்றாக நைசாகத் தெரியும். ஆனால் தூள் எங்கும் போகவில்லை.

மேலே சொன்ன லோடையே எடுப்போம். 100 கிலோவில் தூள் 12 கிலோ. 2.36 மி.மீ. வலையில் சலித்தால் மேலே நிற்கும் 20 கிலோ போய்விடும், மிஞ்சிய 80 கிலோவில் தூள் அதே 12 கிலோ. 15 சதவீதம் ஆகிவிட்டது. இன்னும் நைசாக வேண்டும் என்று 1.18 மி.மீ. வலையில் சலித்தால் 43 கிலோ போய், 57 கிலோவில் 12 கிலோ, அதாவது 21 சதவீதம். நைசாகச் சலிக்கச் சலிக்க மணல் மோசமாகிக்கொண்டே போகிறது. பூச்சுக்கு என்று தனியே உடைத்துச் சலித்து, கழுவியோ காற்றால் ஊதியோ தூளைக் குறைத்து வரும் பி-சாண்டை வாங்குவதே சரி. அதிலும் மேலே சொன்ன வாளிச் சோதனையைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் எம்-சாண்டை வெறுமனே சலித்துப் பி-சாண்ட் என்று அனுப்புவதும் நடக்கிறது. நைசான நல்ல ஆற்று மணல் கிடைத்தால், இருப்பதைப் பூச்சுக்கு ஒதுக்கிவிட்டுக் கான்கிரீட் முழுவதையும் எம்-சாண்டில் போட்டுக்கொள்ளலாம். உருண்ட பருக்கையின் பயன் பூச்சில்தான் அதிகம்.

லாரிக்கு அருகிலேயே பார்க்கக்கூடியவை

முழுச் சோதனை ஒவ்வொரு லோடுக்கும் நடக்காது. முதல் லோடுக்குச் செய்து, தேறிய மணலில் ஒரு பாட்டில் எடுத்து மூடி வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த லோடுகளை அதோடு ஒப்பிடலாம். நிறம் மாறினாலோ, பருக்கையின் அளவு மாறினாலோ மறுபடி முழுச் சோதனை.

அதிகம் ஏமாற்றப்படுவது கிரஷர் டஸ்ட் விஷயத்தில். ஜல்லி உடைக்கும்போது மிச்சமாக விழும் பொடிக்கும், மணலாக்கவே வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் உடைத்ததற்கும் மூலக்கல் ஒன்றாகவே இருக்கலாம். வி.எஸ்.ஐ. இயந்திரம் கல்லைச் சுழற்றி எறிந்து கல்லோடு கல் மோதவைக்கிறது. மெல்லிய தகடுகள் உடைந்து, முனைகள் மழுங்கி, பருக்கை ஓரளவு கனசதுரமாக வரும். தாடை கிரஷரில் நசுங்கிய பொடியில் தகடும் ஊசியும் நிறைய. ஒரு பிடி மணலைக் கழுவி உலர்த்தி, 2.36 மி.மீ. சல்லடையில் நின்றதை மட்டும் வெள்ளைத் தாளில் பரப்பினால் இது தெரியும். பாதிக்குப் பாதி செதில்களாகத் தெரிந்தால் அது டஸ்ட்தான். அதில் போட்ட கலவை தண்ணீரையும் கேட்கும், கான்கிரீட் வார்க்கும் பெட்டிக்குள் நன்றாக அமரவும் அமராது. உலர்ந்த மணலை ஓர் அடி உயரத்திலிருந்து கொட்டினால் புகைபோல் எழுவதும் ஒரு குறிப்பு. ஆனால் நனைத்துக் கொண்டுவந்த லோடில் புகை எழாது, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

நிறமும் பேசும். ஒரே சீரான சாம்பல் நிறம் நல்ல குறி. மஞ்சளோ பழுப்போ கலந்து, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும் பருக்கைகள் இருந்தால் அழுகிய பாறை. கழுவிய நீரில் மின்னும் மெல்லிய தகடுகள் நிறைய மிதந்தால் அது மைக்கா, இரண்டு வகை மணலிலும் வரும், பூச்சின் பிடிப்பைக் கெடுக்கும். ஆற்று மணலில் வேர், கரிய மண் வாடை, சிப்பி மூன்றையும் பார்க்க வேண்டும். ஈர மணலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் நல்ல மணல் உதிர்ந்துவிடும், கையில் லேசான ஈரம் மட்டும் இருக்கும். உருண்டையாக நின்று கையில் சேறு ஒட்டினால் சவுடு மண் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். சிப்பி தெரிந்தாலோ, நாக்கில் உப்புக் கரித்தாலோ கம்பி உள்ள கான்கிரீட்டில் அந்த மணலைச் சேர்க்கவே கூடாது. உப்பு கம்பியை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும்.

அளவில் போகும் இழப்பு

தரம் சரியாக இருந்தும் பணம் போகும் இடம் ஈரம். லேசாக நனைந்த மணலில் பருக்கைகளைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைக்கிறது, மணல் ஊதிக்கொள்கிறது. 4 முதல் 6 சதவீதம் ஈரத்தில் ஊதல் உச்சத்துக்குப் போகும், 20 முதல் 30 சதவீதம் வரை கன அளவு கூடும். நைசான மணலில் இன்னும் அதிகம். தண்ணீரில் முழுதும் மூழ்கினால் ஊதல் போய்விடும். அளந்து பார்ப்பதும் இதை வைத்துத்தான். லாரியில் இருந்தபடியே எடுத்த ஈர மணலைத் தட்டாமல் ஒரு நேரான பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரம் போட வேண்டும். வெளியே எடுத்துவிட்டு, பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாகத் திரும்பப் போட்டுக் குச்சியால் குத்திச் சமப்படுத்தினால் உயரம் குறையும். 16 சென்டிமீட்டருக்கு வந்தால் ஊதல் 25 சதவீதம்.

லாரியின் உட்பெட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், மணல் 3 அடி உயரம் என்றால் 294 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் மூன்று யூனிட்டுக்கு ஆறு கன அடி குறைவு, அது பெரிதில்லை. ஆனால் 25 சதவீத ஊதலோடு வந்திருந்தால் உண்மையான மணல் 235 கன அடிதான். பாதி யூனிட்டுக்கும் மேல் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். உயரத்தை ஓரத்தில் மட்டும் அளக்காமல், கம்பியைக் குத்தி நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எடைக்கு வாங்கினால் ஊதல் பிரச்சினை இல்லை, ஈரத்தின் எடை இருக்கிறது. வறுக்கும் முன்னும் பின்னும் மாதிரியை எடை போட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

இந்த ஊதல் கலவைக்குள்ளும் வரும். ஒரு மூட்டைக்கு 52 லிட்டர் மணல் என்று பெட்டியில் அளக்கும்போது, ஊதிய மணல் என்றால் உள்ளே போவது 42 லிட்டர்தான். மணல் குறைந்த கான்கிரீட்டில் ஜல்லிக்கு இடையே பொந்து விழும். ஊதல் 25 சதவீதம் என்றால் பெட்டியையும் அந்த அளவு கூட்டிப் போட வேண்டும். அந்த மணல் கொண்டுவரும் தண்ணீரையும் 30 லிட்டரிலிருந்து கழிக்க வேண்டும். 80 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 4 லிட்டர். மணல் தானே உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு லிட்டர் போக, கலவைக்கு வரும் 3 லிட்டரைக் குறைத்து ஊற்றுவது சரி. எலும்பாகக் காய்ந்து வந்த எம்-சாண்டில் இது தலைகீழ். கலக்கும்போது சரியாக இருந்த கலவையின் தண்ணீரை மணல் உறிஞ்சி, கொட்டும் இடத்துக்குப் போவதற்குள் கெட்டியாக்கிவிடும். முந்தின நாள் மாலை குவியலை நனைத்து மூடி வைத்தால் அது நடக்காது.

இறக்கிய பிறகு தெரிந்தால்

மாதிரி எடுத்துப் பார்ப்பதெல்லாம் டிப்பர் தூக்கும் முன் நடக்க வேண்டும். குடுவைச் சோதனையின் அரை மணி நேரம் லாரியை நிறுத்த முடியாது என்றால், தேறாவிட்டால் திருப்பி எடுக்க வேண்டும் என்பதை முன்பே பேசி, டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறக்கலாம். அந்த மணல் பழைய குவியலோடு சேராமல் தனியே கிடக்க வேண்டும்.

கல்தூள் மட்டுமே அதிகமுள்ள லோடைச் சில நேரம் காப்பாற்றலாம். 18 சதவீதம் தூள் உள்ளதையும், கழுவி வந்த 4 சதவீதம் உள்ளதையும் சரிபாதி கலந்தால் 11 சதவீதம். சீராகக் கலக்க முடிந்தால் கான்கிரீட்டுக்கு அது போதும். ஆற்று மணலோடு கலப்பதானால் எல்லை 15 இல்லை, 10 சதவீதம். கலப்பு மணலுக்கு ஐ.எஸ். 383 தனியாக வைத்திருக்கும் அளவு அது. களிமண் கலந்த லோடை வேலையிடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மேலே உள்ள சேறு கீழே இறங்கி, குவியலின் அடியில் இன்னும் கெட்டியாகச் சேரும். அந்த மணலைத் தளமட்டத்துக்குக் கீழே நிரப்பப் பயன்படுத்தலாம், கம்பி போகும் எந்தக் கான்கிரீட்டிலும் பூச்சிலும் அது சேரக் கூடாது.